சாவியைக் கொடுத்த பிறகு கார் யார் பொறுப்பு?

1998 ஆகஸ்ட் 1. டெல்லியின் தாஜ்மஹால் ஹோட்டல் வாசலில் இரவு 11 மணி அளவில் ஒரு மாருதி ஜென் கார் வந்து நின்றது. காரை ஓட்டி வந்தவர் வேலட் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார், டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரவு ஒரு மணிக்கு அவர் வெளியே வந்தபோது கார் இல்லை. வேறு யாரோ அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஊழியர்கள் சொன்னார்கள்.

விசாரித்தபோது நடந்தது தெரிந்தது. வேறொரு காரில் வந்திருந்த மூன்று இளைஞர்கள், ஹோட்டலில் இருந்து திரும்பும்போது தங்கள் காரைக் கொண்டுவரச் சொல்லி வேலட்டிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒருவன், மேஜையில் இருந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டான். காவலாளி தடுக்கப் பார்த்தும் நிற்காமல் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டான். போலீசில் புகார் கொடுத்தும் கார் கிடைக்கவில்லை.

இழப்பீடு கேட்டபோது ஹோட்டல் அந்த டோக்கனைக் காட்டியது. விருந்தினரின் வேண்டுகோளின் பேரில் அவருடைய சொந்தப் பொறுப்பில்தான் வாகனம் நிறுத்தப்படுகிறது, தொலைந்தாலோ திருடு போனாலோ சேதமானாலோ நிர்வாகம் பொறுப்பல்ல, விருந்தினர் எதுவும் கோர முடியாது என்று அதில் அச்சிட்டிருந்தது. நம் ஊர் மால்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தொங்கும் பலகைகளில் இருக்கும் அதே வாசகம்தான். சர்வீஸுக்கு வண்டி விடும்போது கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இதைப் பார்க்கலாம். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு கைகழுவப்பட்டுவிட்டது என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அதைவிட வருத்தமான விஷயம், வண்டிக்காரர்களும் அதை நம்பிவிடுவதுதான். "கையெழுத்துப் போட்டுட்டோமே, இனி என்ன பண்ண முடியும்" என்று வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

அந்த ஜென் காரின் உரிமையாளர் அப்படித் திரும்பவில்லை. அவருடைய காப்பீட்டு நிறுவனமான யுனைடெட் இந்தியா, காருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தது. ஹோட்டலிடம் அந்தத் தொகையைக் கேட்கும் உரிமையை அவர் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். அங்கிருந்து தேசிய ஆணையம், கடைசியில் உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நீண்டது. 2019 நவம்பர் 14 அன்று நீதிபதிகள் மோகன் சாந்தனகௌடர், அஜய் ரஸ்தோகி அமர்வு ஹோட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கார் போய் 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலம் ஆனது நியாயமே இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு, இன்று காரை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் எல்லோருக்கும் உதவக்கூடியது.

தீர்ப்பின் அடித்தளம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளை ஒரு காரியத்துக்காக இன்னொருவரிடம் கொடுக்கிறோம், காரியம் முடிந்ததும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சட்டம் 'பெய்ல்மென்ட்' என்று அழைக்கிறது. சலவைக்குக் கொடுத்த பட்டுப்புடவையும் தையல்காரரிடம் கொடுத்த துணியும் இதில்தான் வரும். 148ஆம் பிரிவு இந்த உறவை விளக்குகிறது. வாங்கி வைத்திருப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு 151ஆம் பிரிவு ஓர் அளவுகோல் தருகிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குக் கவனம் எடுத்தும் பொருள் போய்விட்டால் அவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆம் பிரிவு.

யாருடைய கார் சாவியும் யார் கைக்கும் எட்டும்படி ஒரு மேஜையில் கிடந்தது என்றால், அது விவேகமுள்ளவர் தன் சொந்தக் காரைப் பார்த்துக்கொள்ளும் முறையா? ஹோட்டலால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

டோக்கன் வாசகத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் மிக முக்கியமானது. தன்னுடைய அல்லது தன் ஊழியர்களின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு, இப்படி ஒரு வாசகத்தை அச்சடித்து ஹோட்டல் தப்பிக்க முடியாது. அதே சமயம், வாசகம் முழுக்கச் செல்லாக்காசு ஆகிவிடவில்லை. ஹோட்டல் போதிய கவனம் எடுத்திருக்கிறது, அதையும் மீறி வெளியாள் ஒருவரின் செயலாலோ விருந்தினரின் தவறாலோ கார் போனது என்றால் அந்த வாசகம் கைகொடுக்கலாம். ஆனால் கவனம் எடுத்தோம் என்று முதலில் நிரூபிக்க வேண்டியது ஹோட்டல்தான். கார்க்காரர் இரண்டு விஷயங்களைக் காட்டினால் போதும்: காரை ஒப்படைத்தார், அது திரும்பி வரவில்லை, அல்லது ஒப்படைத்த நிலையில் வரவில்லை. அதற்குப் பிறகு விளக்கம் சொல்லும் சுமை எதிர்த்தரப்புக்குப் போய்விடுகிறது. காரை வைத்திருந்த இடத்தில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தானே தெரியும். எனவே இது நியாயமான ஏற்பாடு.

'இலவசமாகச் செய்து கொடுத்த வசதிதானே' என்ற வாதமும் நிற்கவில்லை. வேலட்டுக்குத் தனியாகக் காசு வாங்காவிட்டாலும், அந்தச் செலவு அறை வாடகையிலும் சாப்பாட்டுப் பில்லிலும் கலந்துதான் இருக்கிறது. அந்த வசதியைக் காட்டித்தான் வாடிக்கையாளர்களை வரவழைக்கிறார்கள்.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் சாவியைப் பொறுத்தது. நாமே காரை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால், பெரும்பாலும் அது இடத்தை வாடகைக்கு எடுத்ததாகவே கருதப்படும். கார் அவர்கள் வசம் போகவில்லை. அதனால் பெய்ல்மென்ட் என்று வாதாடுவது கடினம். வேலட்டிடம் சாவி கொடுப்பதும் ஒர்க்‌ஷாப்பில் வண்டி விடுவதும் வேறு. அங்கே கார் முழுவதுமாக அவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

வேலட்டைவிட ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு ஒருபடி தெளிவானது, ஏனென்றால் அங்கே வேலைக்குக் கூலியே வாங்குகிறார்கள். அங்கே பொதுவாக நேரும் சேதங்கள் சில. ஷெட்டுக்குள் வண்டியை நகர்த்தும்போது தூணில் பம்பர் உரசுவது, லிஃப்ட்டில் தூக்கும்போது அடிப்பாகம் நசுங்குவது, டெஸ்ட் டிரைவ் போன மெக்கானிக் சாலையில் எங்காவது மோதுவது. இவை எல்லாமே ஊழியர்களின் செயல்கள், எனவே முதலாளி பொறுப்பு. பம்பர் உரசலில் பெரிய விவாதம் எதுவும் இல்லை. டெஸ்ட் டிரைவ்தான் சிக்கலானது.

வேலையைச் சரிபார்க்க இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. ஆனால் மெக்கானிக் அந்தக் காரிலேயே சாயங்காலம் வீட்டுக்குப் போனாலோ நண்பரை ரயில் நிலையத்தில் விட்டுவந்தாலோ கதை மாறுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 154ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கொடுத்த காரியத்துக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டின்போது ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் வாங்கியவர் பொறுப்பு. கவனமாகத்தான் ஓட்டினேன் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் தன் குதிரையை இன்னொருவருக்கு, அவர் மட்டும் சவாரி செய்யக் கொடுக்கிறார். அவரோ தன் குடும்பத்தாரில் ஒருவரைச் சவாரி செய்ய விடுகிறார். அந்த நபர் கவனமாகத்தான் ஓட்டுகிறார், ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து காயப்படுகிறது. வாங்கியவர் இழப்பீடு தர வேண்டும். குதிரை இருந்த இடத்தில் இன்று கார் இருக்கிறது, சட்டம் மாறவில்லை.

இதை நிரூபிக்கும் சாட்சி காரிலேயே இருக்கிறது. வண்டி விடும்போது ஓடோமீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்று ஜாப் கார்டில் எழுதுவார்கள். எடுக்கும்போது அதில் 40 கிலோமீட்டர் கூடியிருந்தால், அது எங்கே ஓடியது என்று கேட்கலாம். பெட்ரோல் முள்ளும் அப்படியே. டேஷ்கேம் இருந்தால், அது பதிவு செய்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

தாமதமும் கணக்கில் வரும். சனிக்கிழமை தருவதாகச் சொன்ன வண்டியை ஒர்க்‌ஷாப் தன் தவறால் தரவில்லை, திங்கட்கிழமை ஷெட்டில் தீப்பிடித்துக் கார் சேதமானது என்று வைத்துக்கொள்வோம். தீ தங்கள் தவறே இல்லை என்று அவர்கள் நிரூபித்தாலும் பயனில்லை. குறித்த நேரத்தில் திருப்பித் தராத காலத்தில் நேரும் இழப்புக்கு அவர்களே பொறுப்பு என்று 161ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 'வண்டி ரெடி, எடுத்துக்கோங்க' என்று சொன்ன பிறகு நாமே இரண்டு வாரம் போகாமல் இருந்தால் இந்தப் பிரிவு நமக்கு உதவாது.

டெஸ்ட் டிரைவில் கார் யார்மீதாவது மோதினால் என்ன ஆகும்? மெக்கானிக்கிடம் பழுதுபார்க்கக் கொடுத்த கார் மோதி ஒருவர் காயமடைந்த கோவா வழக்கு ஒன்றில், 1988ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. குரு கோவேகர் வழக்கு என்று அது அறியப்படுகிறது. கார் மெக்கானிக் கையில் இருந்ததைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம், காயமடைந்தவருக்கு இழப்பீடு தருவதில் இருந்து ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே மூன்றாம் நபர் காப்பீடு காலாவதியான வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடவே கூடாது. வண்டி நம் கையில் இல்லை என்பதற்காக நம் பெயர் வழக்கில் இருந்து தானாக நீங்கிவிடாது.

ஒர்க்‌ஷாப்பில் சேதம் நேர்ந்தால் பல இடங்களில் சர்வீஸ் அட்வைசர் முதலில் சொல்லும் வார்த்தை இது: "சார், கவலைப்படாதீங்க, உங்க இன்ஷூரன்ஸ்ல போட்டு முடிச்சிடலாம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல." இதற்கு உடனே தலையாட்டிவிடக் கூடாது. செலவு உண்டு, அது பிறகு வரும்.

ஐந்து வருடமாக எந்த கிளைமும் செய்யாத ஒருவருக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ் இருக்கும். அவருடைய காரின் சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போனஸ் கழித்து அவர் 6,000 கட்டுகிறார். ஒரு கிளைம் செய்தவுடன் போனஸ் பூஜ்யமாகிறது, அடுத்த புதுப்பித்தலில் 12,000 முழுவதும் கட்ட வேண்டும். அதன் பிறகு போனஸ் 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி மறுபடி 50ஐத் தொடும். பிரீமியம் மாறாமல் இருக்கிறது என்று கொண்டாலே, முதல் வருடம் 6,000, அடுத்து 3,600, பிறகு 3,000, 1,800, 600 என்று அவர் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 15,000 ரூபாய். இதோடு ஒவ்வொரு கிளைமிலும் நாம் கட்ட வேண்டிய கட்டாயத் தொகை இருக்கிறது, 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய். தேய்மானம் கழிக்காத பாலிசி இல்லையென்றால், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியும் நம் தலையில் விழும். மெக்கானிக் உடைத்த 10,000 ரூபாய் பம்பருக்கு உரிமையாளர் 21,000 ரூபாய் கொடுத்ததாக முடியும்.

இதைவிட ஆபத்தானது கிளைம் படிவத்தில் எழுதப்படும் கதை. ஒர்க்‌ஷாப்புக்குள் நேர்ந்த சேதத்தை, உரிமையாளர் ஓட்டும்போது சுவரில் உரசியதாக எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். அது பொய்த் தகவல். பின்னால் தெரியவந்தால் கிளைம் நிராகரிக்கப்படுவது மட்டுமல்ல, ஒர்க்‌ஷாப்பின்மேல் இருந்த உரிமையும் நம் கையெழுத்தாலேயே போய்விடும். சிறு சேதம் என்றால் ஒர்க்‌ஷாப் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று எழுத்தில் கேட்பதே சரி.

கார் திருடு போனால் கணக்கு வேறு. அப்போது நம் காப்பீட்டில் கிளைம் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் காரின் முழு மதிப்புக்கும் ஒர்க்‌ஷாப்போடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக் காத்திருக்க முடியாது. ஜென் கார் உரிமையாளர் செய்ததும் அதுதான். நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று ஹோட்டலைத் துரத்தியது. இதற்குச் 'சப்ரோகேஷன்' என்று பெயர். கிளைமில் ஒரு சிக்கல் வரும். திருட்டு கிளைமுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக இரண்டு அசல் சாவிகளையும் கேட்கும். ஒரு சாவி வேலட்டிடமோ ஒர்க்‌ஷாப்பிலோ போயிருக்கும். சாவியைக் காரிலேயே விட்டுவிட்டீர்களா என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்க, போலீஸ் புகாரிலேயே எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம், எந்த டோக்கன் எண்ணில் சாவியைக் கொடுத்தோம் என்று எழுத வேண்டும். தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். பதிவானதா என்று பார்க்க வேண்டும். கார் கிடைக்காத பட்சத்தில் போலீஸ் தரும் 'நான் டிரேசபிள்' சான்றிதழ் இல்லாமல் கிளைம் நகராது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வதையும் தள்ளிப்போடக் கூடாது.

காருக்குள் இருந்த லேப்டாப், பணம், நகை ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவை அங்கே இருந்தன என்று ஒப்படைக்கும்போதே எழுதியிருந்தால் ஒழிய நிரூபிப்பது மிகக் கடினம். எடுத்துக்கொண்டு இறங்குவதே நல்லது.

ஒர்க்‌ஷாப் பொறுப்பேற்க மறுத்தால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊரில் மட்டுமல்ல, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலும் வழக்குப் போடலாம். திருநெல்வேலிக்காரர் சென்னை சர்வீஸ் சென்டர்மீது திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்க முடியும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார் கட்டணமும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். ஹோட்டல் வேலட் வேலையை ஒரு காண்டிராக்ட் நிறுவனத்திடம் விட்டிருந்தால், இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டியே காலத்தைக் கழித்துவிடுவார்கள். வழக்குக்கு முன்பு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பார்க்கலாம். சில விவகாரங்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

இந்த வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் வண்டியை விடும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது. ஜாப் கார்டில் காரின் படம் ஒன்று அச்சிட்டிருக்கும், ஏற்கெனவே இருக்கும் கீறல்களை அதில் குறிப்பதற்காக. அவசரத்தில் அட்வைசர் நாலு பக்கமும் ஒரு பெரிய வட்டம் போட்டு 'ஸ்கிராட்சஸ்' என்று எழுதிவிடுவார். அதில் கையெழுத்துப் போட்டால், பிறகு வரும் எந்தக் கீறலும் பழைய கீறல் ஆகிவிடும். அந்த வட்டத்தை அடிக்கச் சொல்லி, இருக்கும் கீறலை மட்டும் இருக்கும் இடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். பிறகு கைபேசியில் காரைச் சுற்றி ஒரு வீடியோ, கிலோமீட்டர் தெரியும்படி டேஷ்போர்டின் ஒரு படம். வேலட்டிடம் விடும்போதும் இதே படம் போதும், டோக்கனையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்.

எடுக்கும்போது கேட் பாஸில் 'வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குறை தெரிந்தால் அந்தத் தாளிலேயே பேனாவால் எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால், வாசலைத் தாண்டும் முன்பே அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் படத்தோடு அனுப்பிவிடுங்கள்.